ரயிலுக்குச் சக்கரம் எப்போது? (பின்னங்கால் விழுந்த டாக்ஸ்ஹண்ட்)

நீளப்பையன், மார்ச் 2

நேராக விஷயத்துக்கு வருகிறேன். டாக்ஸ்ஹண்ட், ஆண், 5 வயது, 9 கிலோ. நீளத்தைப் பார்த்து ரயில் என்று பெயர் வைத்தோம். பிப்ரவரி 17 காலை சோபாவிலிருந்து குதித்தான், முதுகை வளைத்துக்கொண்டு நின்றான். சாயங்காலம் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. டிஸ்க் வெடித்துத் தண்டுவடத்தை நசுக்குகிறது என்று மறுநாளே அறுவை செய்தார்கள். இன்றோடு 12 நாள். முன்னங்காலால் இழுத்துக்கொண்டு கூண்டுக்குள்ளேயே சுற்றுகிறான், பார்க்கச் சகிக்கவில்லை.

இரண்டு கேள்வி. பாதத்தைச் சீண்டினால் காலை வெடுக்கென்று இழுக்கிறான். அப்படியானால் உணர்வு வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? வந்துவிட்டது என்றால் சக்கர வண்டி ஒன்று வாங்கிக் கட்டிவிடலாமா? அல்லது நீச்சல் முதலா?

கட்டைவண்டி, மார்ச் 2

தம்பி, வண்டி வாங்காதே. பிவிசி குழாயில் நாய் வண்டி 11 செய்திருக்கிறேன், அனுபவத்தில் சொல்கிறேன். வண்டியில் ஏறின நாய் சோம்பேறி ஆகிவிடும். சக்கரம் உருளுகிறது, கால் எதற்கு என்று விட்டுவிடும். கால் இழுக்கிறான் என்றால் பாதி வந்துவிட்டது. தண்ணீரில் போடு, தானாக உதைப்பான்.

ஜிம்மி அப்பா, மார்ச் 2

எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இதேதான். 10 வயது. முதலில் பின்னங்கால் நகம் தரையில் உரசும் சத்தம் கேட்டது, 4 மாதத்தில் இடுப்பு ஆட ஆரம்பித்துவிட்டது. வலி கிடையாது. நாங்கள் வண்டி போட்டோம், ஓடுகிறான். தயங்காமல் இன்றே போடுங்கள்.

வனஜா, மார்ச் 3

நாய்களுக்குப் பிசியோதெரபி செய்வதுதான் என் வேலை. மூன்று பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

ஜிம்மி அப்பா சார், உங்கள் பையனுக்கு இருப்பது வேறு மாதிரித் தெரிகிறது. வலியில்லாமல், மெதுவாக, வயதான ஷெப்பர்டுக்கு வருவது பெரும்பாலும் தண்டுவடம் தேய்ந்துகொண்டே போகும் நோய். ரயிலுக்கு ஒரே நாளில் விழுந்தது, திரும்பி வரக்கூடியது. உங்களுடையதில் நேரத்தைப் பிடித்து வைக்கிறோம், இவனுடையதில் நேரம் கொடுத்துக் காத்திருக்கிறோம். அதனால் உங்களுக்குச் சரியான வண்டி இவனுக்கு இன்று சரியில்லை.

நீளப்பையன், கால் இழுப்பது உணர்வு இல்லை. பாதத்தைத் தொட்ட சேதி தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்குப் போய், அங்கேயே திரும்பி, காலை மடக்கச் சொல்லிவிடும். மூளைக்கு அந்த விவரமே போய்ச் சேர வேண்டியதில்லை. தண்டுவடம் முழுதாக அறுந்த நாயும் இப்படி இழுக்கும். பார்க்க வேண்டியது காலை அல்ல, முகத்தை. அழுத்தும்போது திரும்பிப் பார்க்கிறானா, கத்துகிறானா, கடிக்க வருகிறானா? நீங்கள் இடுக்கியை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம், அறுவை செய்தவர் ஏற்கெனவே பார்த்திருப்பார். வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த தாளில் "டீப் பெயின்" என்று ஏதாவது எழுதியிருக்கிறதா?

நீளப்பையன், மார்ச் 3

எழுதியிருக்கிறது. "டீப் பெயின்: வலது உண்டு, இடது சந்தேகம்." அக்கா, நான் இதை ஆழமான வலியில் துடிக்கிறான் என்று படித்துவிட்டு இரண்டு ராத்திரி தூங்கவில்லை. வலி மருந்து போதவில்லை போல என்று நினைத்தேன்.

வனஜா, மார்ச் 3

அந்தத் தாளிலேயே நல்ல வரி அதுதான். விரல் எலும்பில் அழுத்தியது மூளைவரை போயிருக்கிறது என்று பொருள். அந்த உணர்வு மிஞ்சியிருக்கும் நாய்களில் பெரும்பாலானவை மறுபடி நடக்கும். அது இல்லாதவற்றுக்கு அறுவைக்குப் பிறகும் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். போய்த் தூங்குங்கள்.

திலீபன், மார்ச் 3

நல்ல சேதியைக் கெட்ட சேதி மாதிரி எழுதுவதற்கென்றே தனியாகப் படிக்கிறார்கள்.

கட்டைவண்டி, மார்ச் 4

அப்படியானால் நான் இத்தனை நாளாகக் கால் இழுப்பதைப் பார்த்து "வந்துவிடும்" என்று சொன்னதெல்லாம்?

வனஜா, மார்ச் 4

சிலதில் வந்திருக்கும், அண்ணா. கால் இழுத்ததால் வரவில்லை, அவ்வளவுதான்.

நீளப்பையன், மார்ச் 6

தையல் பிரித்தாயிற்று. மொத்தம் 6 வாரம் கூண்டு ஓய்வு, வெளியே எடுப்பது மூத்திரத்துக்கும் பயிற்சிக்கும் மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சி ஒரு முறை செய்து காட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் பாதி மறந்துவிட்டது. சைக்கிள் ஓட்டுவது போல் காலைச் சுற்றினேன், கால் கம்பி மாதிரி விறைத்துக்கொண்டது. நான் அழுத்த அழுத்த அவன் விறைக்கிறான்.

வனஜா, மார்ச் 7

விறைத்தால் அழுத்தவே கூடாது. அது பிடிவாதமில்லை. மூளையின் பிடி தளர்ந்ததால் தசை தானே இறுகுகிறது. சண்டை போட்டால் இன்னும் இறுகும். பக்கவாட்டில் படுக்க வைத்து, தொடையில் உள்ளங்கையை வைத்து இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். மெதுவாகத் தடவிக் கொடுங்கள். இளகியதும் ஒரு நேரத்தில் ஒரே மூட்டு: மூட்டுக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை. விரல்கள், கணுக்கால், முழங்கால், கடைசியில் இடுப்பு. தானாகப் போகிற எல்லைவரை மடக்கி நீட்டுங்கள், ஒவ்வொன்றும் 10 தடவை. அதற்கு அப்புறம்தான் சைக்கிள். நாளைக்கு 3 வேளை போதும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இது மூட்டு இறுகிப்போகாமல் காப்பாற்றும், தசையை வளர்க்காது. தசை வளர அவன் எடையை அவனே தாங்க வேண்டும். ஆகவே ஒரு வாரம் கழித்து, அறுவை செய்தவரைக் கேட்டுக்கொண்டு, வயிற்றுக்கடியில் துண்டு கொடுத்து நிற்க வையுங்கள். வழுக்காத விரிப்பில், நான்கு பாதமும் சரியாகத் தட்டையாக, முதலில் 10 நொடி. துண்டை மெல்லத் தளர்த்துங்கள். அவன் உட்காரப் போகும் அந்த ஒரு கணம்தான் பயிற்சி, நீங்கள் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும் நேரமில்லை.

சிறுநீர் எப்படிப் போகிறான்?

நீளப்பையன், மார்ச் 7

அதில் பிரச்சினை இல்லை. தானாகவே போகிறான், தூக்கும்போதெல்லாம் சொட்டுகிறது.

வனஜா, மார்ச் 7

பிரச்சினையே அதுதான். தூக்கும்போது சொட்டுவது போவதில்லை, நிரம்பி வழிவது. இன்றே மருத்துவமனைக்குப் போய்ச் சிறுநீர்ப்பையை அழுத்தி வெளியேற்றக் கற்றுக்கொள்ளுங்கள். எழுதிச் சொல்லிப் புரியவைக்கும் வேலையில்லை அது, உங்கள் கைமேல் அவர்கள் கை வைத்துக் காட்ட வேண்டும். அப்புறம் 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை. கலங்கலாக, நாற்றமாக இருந்தால் தொற்று.

நீளப்பையன், மார்ச் 8

போனேன். அங்கே அழுத்தியதும் வந்த அளவைப் பார்த்து எனக்கு முகம் வெளுத்துவிட்டது. தொற்றும் இருக்கிறது, மருந்து தொடங்கியாயிற்று. தானாகப் போகிறான் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீளப்பையன், மார்ச் 19

வால் ஆட்டினான்!! சாட்சி என் மனைவி. மூத்திரம் அழுத்தி எடுக்கும்போது வால் ஆடியது.

திலீபன், மார்ச் 19

அக்கா வந்து "அது வால் இல்லை" என்று சொல்வதற்குள் கொண்டாடிவிடுங்கள்.

வனஜா, மார்ச் 20

வால்தான், ஆனால் வயிற்றைப் பிதுக்கும்போது ஆடினால் அதுவும் கால் இழுப்பது போன்றதே. தொடாமல் பார்க்க வேண்டும். அறைக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வேறு ஒருவர் உள்ளே ஒளிந்து வாலைப் பார்க்கட்டும்.

நீளப்பையன், மார்ச் 26

கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம், ஒன்றும் இல்லை. இன்று காலை நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கு ஆடியிருக்கிறது. இரண்டு ஆட்டு, இடப்பக்கம் கோணலாக. யாரும் தொடவில்லை.

வனஜா, மார்ச் 26

இதுதான். இப்போது கொண்டாடலாம்.

நீளப்பையன், ஏப்ரல் 9

ஓய்வு முடிந்தது, தண்ணீருக்கு அனுமதி கிடைத்தது. தெரிந்தவர் வீட்டு நீச்சல் குளத்தில் லைஃப் ஜாக்கெட் போட்டு விட்டேன். 10 நிமிடம் அழகாக நீந்தினான். வீடியோவில் பார்த்தால் முன்னங்கால் இரண்டும் துடுப்பு மாதிரி போகின்றன, பின்னங்கால் இரண்டும் ஈரத்துணி மாதிரி பின்னால் மிதக்கின்றன. வெளியே எடுத்ததும் நடுங்கினான். இன்று தோளைத் தொட்டாலே முனகுகிறான். கட்டைவண்டி அண்ணா, தானாக உதைப்பான் என்றீர்களே?

கட்டைவண்டி, ஏப்ரல் 9

நான் தண்ணீரில் விட்ட நாய் உதைத்ததே! அது லாப்ரடார். ஒருவேளை அதற்கு அசைவு முன்பே இருந்திருக்கலாம், நான் கவனிக்கவில்லை.

வனஜா, ஏப்ரல் 10

நல்ல முன்னங்கால் உள்ள நாய் ஆழத்தில் முன்னங்காலாலேயே நீந்தும், பின்னங்காலைக் கேட்கவே கேட்காது. ஆழ நீச்சல் மூச்சுக்கும் தோளுக்கும் பயிற்சி. பின்னங்கால் கொஞ்சம் உதைக்க ஆரம்பித்த பிறகுதான் அங்கே மடக்க நீட்டப் பழகும்.

ரயிலுக்குத் தேவை நீச்சலில்லை, தண்ணீரில் நிற்பது. தண்ணீர் இடுப்பு மூட்டு உயரத்துக்கு இருந்தால் உடல் எடையில் சுமார் 38 சதவீதம்தான் கால்களில் இறங்கும். முழங்கால் உயரம்தான் என்றால் 85 சதவீதம் இறங்கிவிடும். அதாவது தரையில் நிற்க முடியாதவன் இடுப்பளவு நீரில் நிற்பான். எங்களிடம் தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில் இருக்கிறது. பட்டை மெதுவாகப் பின்னால் இழுக்கும்போது கால் பின்னே நீண்டு, அந்த நீட்டலே அடுத்த எட்டைக் கிளப்பிவிடும். அது கிடைக்காவிட்டால் குளியல் தொட்டி போதும், அடியில் ரப்பர் விரிப்பு. அவனுக்கு உயரம் குறைவு என்பது இங்கே வசதி.

தண்ணீர் 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். குளிர்ந்தால் தசை இறுகும், ரொம்பச் சூடானால் மூச்சிரைக்கும். இறங்குமுன் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிடுங்கள். தொற்றோ புண்ணோ இருந்தால் தண்ணீர் கிடையாது. முதல் நாள் 2 நிமிடம், ஓய்வு, மறுபடி 2 நிமிடம். பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, நாக்கு அகலமாகி வெளியே தொங்கினாலோ அன்றைக்கு முடிந்தது. 10 நிமிடம் நீந்தவிட்டது மாரத்தான்.

நீளப்பையன், ஏப்ரல் 28

தொட்டியில் தினமும் நிற்கிறான். 2 நிமிடம் 4 ஆகி, இப்போது 6. வலது காலை ஒரு முறை தானாக முன்னால் வைத்தான். இடது கால் வருகிறது, ஆனால் பாதம் மடிந்து மேல்பக்கம் தரையில் படுகிறது. நான் திருப்பி வைக்கிறேன், அவன் மறுபடி மடிக்கிறான். ஒரு நாளில் எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இப்போது வண்டி?

வனஜா, ஏப்ரல் 29

இப்போது சரி. முதல் வாரங்களில் நான் தடுத்தது சோம்பேறி ஆவான் என்று இல்லை. முதுகு ஆறாமல் ஓட ஆரம்பித்துவிடுவான் என்றுதான்.

கட்டைவண்டி, ஏப்ரல் 29

சோம்பேறி ஆவான் என்பதை நான் இன்னும் விடவில்லை. என் கண்ணால் பார்த்தது.

வனஜா, ஏப்ரல் 30

அந்த வண்டிகளில் பின்னங்காலைக் கயிற்றில் தூக்கிக் கட்டினீர்களா, தரையில் விட்டீர்களா?

கட்டைவண்டி, ஏப்ரல் 30

எல்லாம் தூக்கித்தான். உரசிப் புண்ணாகுமே.

வனஜா, ஏப்ரல் 30

அதுதான் விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. நடை வர வாய்ப்பே இல்லாத நாய்க்குத் தூக்கிக் கட்டுவது சரி. வந்துகொண்டிருக்கிற நாய்க்குப் பாதம் தரையைத் தொட்டு, லேசாக எடை இறங்கும் உயரத்தில் வைக்க வேண்டும். அப்போது வண்டி விழாமல் பிடிக்கும் கை மாதிரி. என் நாய்கள் அதனால் கெட்டதாகத் தெரியவில்லை. உங்கள் கண்ணையும் நான் பொய் என்று சொல்லவில்லை.

ஜிம்மி அப்பா, மே 1

நடுவில் கேட்கிறேன். ஜிம்மி இரண்டு வாரமாக வண்டியில் முன்னால் தலைகுப்புற விழுகிறான். சக்கரம் உடைந்ததா என்று பார்த்தேன், நன்றாக இருக்கிறது.

வனஜா, மே 1

சார், சக்கரம் இல்லை. நோய் முன்னங்காலுக்கு வந்திருக்கலாம். இரண்டு சக்கர வண்டி நல்ல முன்னங்காலை நம்பித்தான் நிற்கிறது. மருத்துவரைப் பாருங்கள், அதுவரை இரண்டு சக்கரத்தில் விடாதீர்கள். நான்கு சக்கர வண்டி உண்டு, கொஞ்ச காலம் தாங்கும்.

ஜிம்மி அப்பா, மே 1

சரிங்க.

நீளப்பையன், மே 12

வண்டி வந்தது. முதல் நாளே தவறு. ஓடும் உற்சாகத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் விட்டுவிட்டேன். கழற்றினால் தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு, ராத்திரிவரை போகவில்லை. முதுகையும் கூன் போட்டுக்கொண்டு நடக்கிறான்.

கட்டைவண்டி, மே 12

இது என் ஏரியா தம்பி. முதுகுக் கூன் என்றால் சேணம் உயரமாக இருக்கிறது, இறக்கு. பக்கத்திலிருந்து பார்த்தால் முதுகு தரைக்குச் சமமாக ஓட வேண்டும். அடுத்தது, அவனை உள்ளே நிற்க வைத்து, தோள் பட்டையை அவிழ்த்துவிட்டு, முன்கம்பியை ஒரே விரலில் தூக்கிப் பார். விரலில் லேசான கனம் தெரிந்தால் சரி. கனமாக அழுத்தினால் எடை முழுக்கத் தோளில் இறங்குகிறது, சக்கர அச்சை முன்னால் தள்ளு. கம்பி தானாக மேலே எழும்பினால் அச்சு ரொம்ப முன்னால் இருக்கிறது, பட்டை நெஞ்சை மேலே இழுத்துக்கொண்டிருக்கும், பின்னால் தள்ளு. அரை அங்குலம் மாற்றினாலே தெரியும்.

அப்புறம், வண்டியில் அவனால் படுக்க முடியாது. களைத்தாலும் நின்றுகொண்டேதான் இருப்பான். ஒரு மணி நேரம் நிற்க வைத்திருக்கிறாய்.

வனஜா, மே 13

அண்ணா சொன்னது அப்படியே சரி. சிவப்பு முழுக்க மறையும்வரை வண்டி வேண்டாம். அப்புறம் 5 நிமிடத்தில் தொடங்குங்கள். கழற்றி அரை மணியில் மறையாத சிவப்பு இருந்தால் பொருத்தம் இன்னும் சரியில்லை. அந்த இடத்தில் அவனுக்கு உணர்வு குறைவு, வலிக்கிறது என்று அவன் சொல்ல மாட்டான். கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

நீளப்பையன், மே 14

அச்சு முன்னால் முக்கால் அங்குலம், சேணம் இரண்டு துளை கீழே. கூன் போய்விட்டது. காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம் என்று ஏறிக்கொண்டு வருகிறோம். வாசற்படி நிலையில் சக்கரம் மாட்டிக்கொண்டு அவன் பார்க்கும் பார்வை இருக்கிறதே.

திலீபன், மே 14

தடம் புரண்டது என்று அறிவிப்பு கொடுங்கள்.

நீளப்பையன், ஜூன் 21

விரிப்பில், வண்டியில்லாமல், துண்டில்லாமல், 7 எட்டு வைத்தான். அப்புறம் பின்பக்கம் சரிந்து உட்கார்ந்துவிட்டான். முன்னங்கால் ஒரு தாளத்தில், பின்னங்கால் வேறு தாளத்தில் போகிறது, குடித்தவன் மாதிரி. இது நடையா, அல்லது இதுவும் கால் இழுப்பது போல ஏதாவதா? நீங்கள் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்.

வனஜா, ஜூன் 22

நன்றாகக் கேட்கக் கற்றுக்கொண்டீர்கள். தண்டுவடமே தானாக நடக்கும் நாய்கள் உண்டு, மூளைக்குத் தெரியாமல் பின்னங்கால் மட்டும் எட்டு வைக்கும். ஆனால் அது பெரும்பாலும் டீப் பெயின் வராத நாய்களில், பல மாதம் கழித்து. திரும்பும்போது பாருங்கள். நீங்கள் கூப்பிட்டதும் இடுப்பும் சேர்ந்து திரும்புகிறதா, முன்பக்கம் திரும்பிய பிறகும் பின்பக்கம் நேராகவே போய்க் கவிழ்கிறதா?

நீளப்பையன், ஜூன் 24

வலப்பக்கம் கூப்பிட்டால் சேர்ந்து திரும்புகிறது. இடப்பக்கம் கூப்பிட்டால் கவிழ்கிறது.

வனஜா, ஜூன் 24

வலது கால் மூளை சொல்லித்தான் நடக்கிறது. இடது கால் பற்றி என்னால் இப்போது சொல்ல முடியாது.

கட்டைவண்டி, ஜூன் 25

வண்டி போட்டும் 7 எட்டு. சரி, என் பழைய 11 வண்டியில் இரண்டு பேரிடம் காலைக் கீழே இறக்கிக் கட்டச் சொல்லியிருக்கிறேன். ஒன்றுக்கு ரொம்ப தாமதம் என்று நினைக்கிறேன்.

ஜிம்மி அப்பா, ஜூலை 2

நான்கு சக்கரம் போட்டோம். முன்போல் ஓடவில்லை. காலையில் வாசல்வரை போய், வெயிலில் நின்று, தெருவைப் பார்த்துவிட்டு வருகிறான். அந்த இரண்டு சக்கர வண்டி சும்மா கிடக்கிறது, பெரிய நாய் வைத்திருக்கும் யாருக்காவது வேண்டுமானால் எழுதுங்கள்.

நீளப்பையன், ஜூலை 15

இப்போது வீட்டுக்குள் வண்டி இல்லாமல், வெளியே வண்டியோடு. இடது பின்னங்காலில் நடு இரண்டு நகமும் சப்பையாகத் தேய்ந்திருக்கின்றன, வலது காலில் நகம் வளர்ந்து வெட்ட வேண்டியிருக்கிறது. இடதுக்கு மட்டும் உறை போடட்டுமா, அல்லது உறை போட்டால் தரை தெரியாமல் இன்னும் மடிப்பானா?

வனஜா, ஜூலை 16

தோல் கிழியாதவரை வீட்டுக்குள் உறை வேண்டாம், விரிப்பில் வெறும் பாதம். வெளியே கரடு தரையில் மட்டும் போடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை அந்த இரண்டு நகத்தையும் படம் எடுத்து வையுங்கள், தேய்வது குறைகிறதா என்று அதில் தெரியும்.

நீளப்பையன், ஜூலை 16

எடுத்தாயிற்று. அசைந்துவிட்டான், மூக்குதான் விழுந்திருக்கிறது. மறுபடி எடுக்கிறேன்.